உளமருந்தும் இதயத்துடிப்பும்: கியூ-ரி இடைவெளி நீட்சி பற்றிப் பொது வைத்தியருக்கு ஒரு விளக்கம்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து செல்லும் ஊர்களில் முதிய நோயாளி ஒருவர் மருந்து பெறும் இடங்கள் பொதுவாக மூன்றாகும். காலையில் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக். மாலையில் தனியார் வைத்தியரின் மருந்தகம். இடையிடையே, எவ்விதத் துண்டுமின்றி, பாமசி. கிளினிக்கில் கொடுபட்டவை மட்டுமே கிளினிக் கொப்பியில் பதிவாகின்றன. மாலை மருந்தகத்தில் சிறு கடதாசி உறைகளில் கிடைக்கும் குளிசைகளுக்குப் பல வேளைகளில் பெயரே இருப்பதில்லை. 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்பதே அவ்வுறையிற் காணப்படும் முழு எழுத்து. இக்கட்டுரையின் பொருள் இதயத்தின் மின்னோட்டம் பற்றியதாயினும், அதன் வேர் ஒன்று இந்தப் பெயரற்ற உறையில் இருக்கிறது என்பதனால் இங்கிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

2004 திசெம்பர் 26இல் நேர்ந்த கடற்கோளின்போது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமாகும். உளநல சேவை கொழும்பை அண்டிய அங்கொடை போன்ற பெருநிலையங்களிலிருந்து விலகி மாவட்டங்களுக்குப் பரவும் போக்கு அதன் பின்னரே, 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கையோடு, வலுப்பெற்றது. அதனால் ஏற்பட்ட நன்மை பெரிது. முன்னர் தூர இடத்தில் ஆரம்பிக்கப்பட்டு இடைநடுவில் கைவிடப்பட்ட சிகிச்சை, இன்று ஊருக்கு அண்மையிலேயே ஆண்டுக்கணக்கிற் தொடர்கிறது. ஆயின், நீண்டகாலம் தொடரும் மருந்தோடு நீரிழிவு, உயர் குருதியமுக்கம், வயிற்றுப்புண் ஆகியவற்றின் மருந்துகளும் வந்து சேர்கின்றன. உளமருந்தை எழுதியவரும் ஏனையவற்றை எழுதியவரும் ஒருவராயிருப்பது அரிது. இந்நிலையிற் பொது வைத்தியர் அறிந்திருக்க வேண்டிய ஓர் அபாயமே கியூ-ரி இடைவெளியின் நீட்சியாகும்.

இதயவறைத் தசைக்கலம் ஒவ்வொரு துடிப்பின்போதும் மின்னேற்றம் மாறிச் சுருங்கி, பின்னர் பழைய நிலைக்கு மீள்கிறது. ஈ.சீ.ஜி. வரைபில் கியூ அலையின் தொடக்கத்திலிருந்து ரி அலையின் முடிவு வரையுள்ள தூரம் இந்த முழு நிகழ்வுக்கும் எடுக்கும் நேரமாகும். மீள்வதற்குக் கலத்தினுள்ளிருந்து பொற்றாசிய அயன்கள் வெளியேற வேண்டும். அவை வெளியேறும் வாயில்களுள் ஒன்று விசித்திரமான அமைப்புடையது. அதன் உட்பகுதி அகன்றிருப்பதால் வேதியியல் உறவேதுமற்ற பல மருந்துகள் அதனுட் சென்று அடைத்துக்கொள்கின்றன. உளப்பிறழ்வுக்கான ஹலோபெரிடோல், மனச்சோர்வுக்கான சிற்றலோபிராம், கிருமிகொல்லியான கிளாரித்ரோமைசீன், வாந்திக்கான டொம்பெரிடோன் ஆகிய நான்குக்கும் பொதுவான பண்பு இதுவே. வாயில் அடைபட்டால் மீட்சி தாமதமாகும், இடைவெளி நீளும். அவ்வாறு நீண்ட வேளையில், முழுமையாக மீளாத தசையில் காலந்தவறிய ஒரு துடிப்புத் தோன்றினால், இதயவறை ஒழுங்கற்று மிக விரைவாகத் துடிக்கத் தொடங்கும். வரைபிலே அலைகள் ஒரு கயிற்றை முறுக்கியதுபோல் மேலுங்கீழுமாகச் சுழன்று காணப்படுவதனால், பிரெஞ்சு வைத்தியர் தெசெர்தென் 1966இல் இதற்கு 'தோர்சாட் த புவாந்' எனப் பெயரிட்டார். இதனை முறுக்குத் துடிப்பு எனலாம். பெரும்பாலும் அது சில விநாடிகளில் தானே அடங்கும். நோயாளி மயங்கி விழுந்து எழுவார். அடங்காவிடின் மரணம்.

இங்கு கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. குருதியிற் பொற்றாசியம் குறைந்தால், உள்ளிருந்து வெளியே செல்லும் விசை கூடுவதால் இவ்வாயிலினூடான ஓட்டமும் கூடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்வதோ எதிர்மாறு. வெளியே பொற்றாசியம் குறையும்போது இந்த வாயிலே சரிவரத் திறப்பதில்லை; அதனை அடைக்கும் மருந்துகளும் அதிக வலிமையோடு பற்றிக்கொள்கின்றன. ஆகவே, அதே மருந்து, அதே அளவு, பொற்றாசியம் 4.5 ஆக இருக்கும் நாளிலும் 2.9 ஆக இருக்கும் நாளிலும் ஒரே மருந்தல்ல. வயிற்றோட்டமும் வாந்தியும் சிறுநீர்பெருக்கிக் குளிசைகளும் இவ்விடயத்தில் முதலிடம் பெறுவது இதனாலேயே.

இடைவெளியை அளப்பதில் நேரும் பிழைகளையும் ஆராய்தல் அவசியம். ஏனெனில் தேவையற்ற அச்சமும் தேவையான அச்சமின்மையும் இங்கிருந்தே பிறக்கின்றன. வழக்கமான வேகத்தில் ஓடும் ஈ.சீ.ஜி. தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லிசெக்கன். இரண்டாம் தடத்திலோ, ஐந்தாம் நெஞ்சுத் தடத்திலோ கியூ அலையின் தொடக்கத்திலிருந்து அளக்க வேண்டும். ரி அலை எங்கே முடிகிறது என்பதே தகராறு. அதன் இறங்குசரிவின் மிகச் செங்குத்தான பகுதியை ஒட்டி ஒரு நேர்கோடு வரைந்து, அக்கோடு அடிக்கோட்டை வெட்டும் இடத்தை முடிவாகக் கொள்வது ஏற்கப்பட்ட முறை. பொற்றாசியம் குறைந்தவரில் ரி அலை தட்டையாகி, அதன் பின்னே யூ அலை எனும் இன்னொரு மேடு எழும். இரண்டையும் ஒன்றெனக் கருதி அளந்தால் பிழையான பெருந்தொகை கிடைக்கும். எனினும் அப்பிழையான தொகையும் பொற்றாசியத்தைப் பரிசோதிக்கச் சொல்லும் அறிகுறியே.

இதயம் விரைவாகத் துடிக்கும்போது இவ்விடைவெளி இயல்பாகவே சுருங்கும். ஆதலின் துடிப்பு வீதத்துக்கேற்பத் திருத்த வேண்டும். திருத்திய அளவே கியூ-ரி-சி எனப்படுவது. 1920இல் இருவர் தனித்தனியே இதற்கு வழி கூறினர். இங்கிலாந்தின் பசெற், இரு துடிப்புகளுக்கிடையிலான நேரத்தின் (செக்கனில்) வர்க்கமூலத்தால் வகுத்தார். டென்மார்க்கின் பிரிடெரிசியா கனமூலத்தால் வகுத்தார். எமது வைத்தியசாலைகளிற் பயன்படும் பொறிகள் பலவும் தாளின் தலைப்பில் QTc என அச்சிடுவது பசெற்றின் தொகையையே. துடிப்பு நிமிடத்துக்கு 60ஐ அண்டியிருக்கையில் இரண்டும் ஒன்றே. துடிப்பு விரையும்போது பசெற் மிகைப்படுத்துகிறார். பதற்றமும் அச்சமும் உள்ள நோயாளி, பேருந்திலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவர், 100 துடிப்புடன் படுக்கையில் கிடத்தப்படுகிறார். உளநலக் கிளினிக்கில் இது நாளாந்தக் காட்சி. பொறியின் தொகையை மட்டும் நம்பினால் இவர்களுட் பலர் நல்ல மருந்தை இழப்பர்.

இனி ஒரு நோயாளியைக் கற்பித்துக்கொள்வோம். உண்மையான எவரையும் இது குறிப்பதன்று. சாய்ந்தமருதைச் சேர்ந்த 66 வயது மூதாட்டி. நீரிழிவுக்கு மெற்போர்மின், குருதியமுக்கத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் எனும் சிறுநீர்பெருக்கி, நெஞ்செரிவுக்கு ஒமெப்பிரசோல் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர். கணவரின் மௌத்துக்குப் பின் உணவும் உறக்கமும் இழந்து, எட்டு மாதங்களாகியும் தேறாத மனச்சோர்வு. வைத்தியர் சிற்றலோபிராம் எழுத எண்ணுகிறார், முதலில் ஈ.சீ.ஜி. எடுக்கிறார். இரு துடிப்புகளுக்கிடையே 15 சிறு கட்டங்கள், அதாவது 0.6 செக்கன், துடிப்பு 100. கியூ-ரி இடைவெளி ஒன்பதரைக் கட்டம், 380 மில்லிசெக்கன். பசெற் முறைப்படி 491. பொறியும் அதையே அச்சிட்டுள்ளது. பிரிடெரிசியா முறைப்படி 451. பெண்களுக்கு 460 அல்லது 470 வரை இயல்பெனக் கொள்ளப்படுவதால், முதலாவது தொகை அபாயம் என்கிறது, இரண்டாவது இயல்பு என்கிறது. வைத்தியர் அவரை அரை மணிநேரம் இருத்தித் தண்ணீர் கொடுத்து மீண்டும் எடுக்கிறார். இப்போது துடிப்பு 75, இடைவெளி 410, பசெற் 458, பிரிடெரிசியா 442. ஐயம் தீர்ந்தது. பொற்றாசியம் 3.8. மருந்தைத் தொடங்கலாம்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பது அடுத்த வினா. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2011 ஆகஸ்ற்றில், சிற்றலோபிராம் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டலாகாது என அறிவித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 20 மில்லிகிராம் இடைவெளியைச் சராசரியாக எட்டரை மில்லிசெக்கனும், 60 மில்லிகிராம் பதினெட்டரை மில்லிசெக்கனும் நீட்டின. 2012 மார்ச்சில், 60 வயதைக் கடந்தோர், ஈரல் நோயுடையோர், ஒமெப்பிரசோல் அல்லது சிமெற்றிடீன் உட்கொள்வோர் ஆகியோருக்கு உச்ச அளவு 20 மில்லிகிராம் என அது திருத்தியுரைத்தது. ஒமெப்பிரசோல் இங்கே வருவது, சிற்றலோபிராமைச் சிதைக்கும் ஈரல் நொதியத்தை அது தடுப்பதனாலாகும். குளிசை 20 ஆயினும் குருதியில் அதனிலும் கூடிய அளவு இருக்கும். நமது மூதாட்டிக்கு வயது, ஒமெப்பிரசோல் என இரு காரணங்களாலும் 20 மில்லிகிராமே எல்லை. உண்மையில் அவருக்கு முதலிலேயே செர்ட்ராலீனைத் தேர்ந்திருக்கலாம். இவ்வகை மருந்துகளுள் இதயத்தை மிகக் குறைவாகத் தொடுவது அதுவே, இதய நோயாளரிற் பரிசீலிக்கப்பட்டதும் அதுவே. ஆனால் முன்பொருமுறை சிற்றலோபிராமினால் குணமடைந்தவர் எனின் அதனைக் கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

இந்த எச்சரிக்கையையும் மிகையாகப் பற்றிக்கொள்ளலாகாது. அமெரிக்கப் படைவீரர் வைத்தியசேவையின் பதிவுகளைக் கொண்டு 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு, 40 மில்லிகிராமுக்கு மேல் பெற்றோரில் இதயவறைத் துடிப்புக் கோளாறோ மரணமோ கூடியிருக்கக் காணவில்லை. அதே சேவையில், எச்சரிக்கைக்குப் பணிந்து அளவு குறைக்கப்பட்டோர் மத்தியில் வைத்தியசாலை அனுமதியும் மரணமும் கூடின என 2016இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. இவை காரணத்தை நிறுவும் ஆய்வுகளல்ல. கடும் நோயுடையோருக்கு அதிக அளவு கொடுக்காமல் விட்டிருக்கவுங்கூடும். எனினும், மில்லிசெக்கனைக் காப்பாற்றப் போய் மனச்சோர்வை மீளவிடுவதும் ஓர் உயிராபத்தே என்பதை அவை நினைவூட்டுகின்றன.

கதையைத் தொடர்வோம். ஆறு மாதம் நலமாயிருந்த மூதாட்டிக்கு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் வயிற்றோட்டமும் வாந்தியும் காய்ச்சலோடு கூடிய இருமலும் கண்டன. மாலை மருந்தகத்துக்கு மகள் அழைத்துச் சென்றார்; கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தது. 'பிறஷருக்கும் சீனிக்கும் மருந்து குடிக்கிறா' என்றதோடு விபரம் முடிந்தது. மனநோய் மருந்தைச் சொல்வதில் எமது ஊர்களில் ஒரு கூச்சம் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. கிளாரித்ரோமைசீனும் டொம்பெரிடோனும் இரு உறைகளில் வந்தன. இரண்டும் மேலே கூறிய வாயிலை அடைப்பவை. அதற்கு மேலாக, கிளாரித்ரோமைசீன் டொம்பெரிடோனைச் சிதைக்கும் நொதியத்தையும் தடுத்து, அதன் அளவைக் குருதியில் உயர்த்தும். சிறுநீர்பெருக்கி பொற்றாசியத்தைச் சிறுநீரிலும், நோய் அதனை மலத்திலும் வெளியேற்றிக்கொண்டிருக்கின்றன. மூன்றாம் நாள் அதிகாலையில் மலசலகூடத்துக்கு எழுந்தவர் சடுதியாக விழுந்தார். முகம் வெளிறிற்று, கைகால்கள் சில விநாடி வெட்டி இழுத்தன, ஒரு நிமிடத்துள் கண் விழித்து 'என்ன நடந்த?' என்று தெளிவாகக் கேட்டார்.

நோயறியும் கட்டம் இதுவே. உளமருந்து உட்கொள்பவர் இவ்வாறு விழுந்தால் ஒருவர் வலிப்பு என்பார். ஒருவர் பழைய வருத்தம் என்பார். வேறொருவர் ஜின் தீண்டிற்று என்று ஓதுவிக்க அழைத்துச் செல்வார். ஓதுவதனால் நோயாளிக்கு ஆறுதல் கிடைப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு ஈ.சீ.ஜி. எடுக்கப்பட வேண்டும். வலிப்பின் பின் நோயாளி நெடுநேரம் மயக்கமும் குழப்பமுமாய் இருப்பார். இதயத்தால் வீழ்ந்தவர் வெளிறி விழுந்து, விரைவிற் தெளிவடைவார். இந்த வேறுபாட்டை வைத்தியர் கேட்டறியாவிடின், வலிப்பு என எழுதி அனுப்பப்பட்டவர் அடுத்த முறை விழுந்து எழாமலிருக்கக் கூடும்.

மகள் அவரைக் கல்முனைக்கு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றாள் எனக் கொள்வோம். துடிப்பு 75, இடைவெளி 12 கட்டம், 480 மில்லிசெக்கன், பிரிடெரிசியா முறைப்படி 517. பொற்றாசியம் 2.9. எல்லைகள் இரண்டே: திருத்திய அளவு 500ஐத் தாண்டுதல், அல்லது தொடக்க அளவிலிருந்து 60 மில்லிசெக்கன் கூடுதல். இவருக்கு இரண்டும் பொருந்துகின்றன. 442இலிருந்து 75 கூடிற்று. தொடக்க ஈ.சீ.ஜி. கொப்பியில் ஒட்டப்பட்டிருந்ததாற்றான் இரண்டாவது எல்லையைக் கணிக்க முடிந்தது என்பதைக் கவனிக்க. செய்யவேண்டியவை: வாயிலை அடைக்கும் மருந்துகள் யாவற்றையும் நிறுத்துதல், திரையில் இதயத்தைக் கண்காணித்தல், மகனீசிய சல்பேற்று 2 கிராம் நாளத்தினூடாகச் செலுத்துதல், குருதியில் மகனீசியம் இயல்பாயிருப்பினும், பொற்றாசியத்தை 4.5ஐ அண்டி உயர்த்துதல். இளநீரிற் பொற்றாசியம் உண்டென்பது உண்மையே, ஆனால் 2.9 எனும் நிலையை இளநீரால் திருத்த முற்படுவது காலவிரயம். சிறுநீரக நோயாளருக்கோ அதுவே கேடாகவும் முடியலாம்.

எந்த மருந்து குற்றவாளி? எதுவும் தனித்தல்ல. சிற்றலோபிராம் 20 மில்லிகிராமோடு அவர் ஆறு மாதம் நன்றாகவே இருந்தார். அபாயம் மருந்தைத் தொடங்கிய நாளில் வரவில்லை. ஐந்தாம், ஆறாம் மருந்துகளும் வயிற்றோட்டமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்த நாளில் வந்தது. எனவே, தொடக்கத்தில் ஒரு ஈ.சீ.ஜி. எடுத்துவிட்டு நிம்மதியடைவது போதிய கண்காணிப்பன்று. அளவைக் கூட்டி ஓரிரு வாரம் கழித்து ஒருமுறை எடுப்பது பொருத்தம். சிற்றலோபிராம் குருதியில் நிலைபெற ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். அதன் பின் வாந்தி, வயிற்றோட்டம், புதிய கிருமிகொல்லி, மயக்கம் என்பவற்றுள் எது நேரினும் அதுவே மறுபரிசோதனைக்கான நாள்.

உளப்பிறழ்வு மருந்துகளுக்கும் இதே வாதம் பொருந்தும், சில வேறுபாடுகளுடன். ஒரு காலத்தில் முதியோருக்கு மிருதுவானதெனக் கருதப்பட்ட தயோரிடசீன், இவ்வபாயம் காரணமாகவே 2005இல் அதன் உற்பத்தியாளரால் உலகச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. 2009இல் அமெரிக்காவின் தெனசி மாநிலப் பதிவுகளைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, பழைய, புதிய உளப்பிறழ்வு மருந்துகள் இரண்டு வகையிலும் சடுதியான இதய மரணம் ஏறக்குறைய இரு மடங்காவதையும், மருந்தின் அளவு கூடக் கூட அது உயர்வதையும் காட்டிற்று. 'புதியது பாதுகாப்பானது' எனும் எண்ணம் அத்தோடு தளர்ந்தது. கியூ-ரி நீட்சியைப் பொறுத்து ஒலான்சபீன், ரிஸ்பெரிடோன் சிறிதளவும், குளோர்புரோமசீன், குவெட்டியாப்பீன் நடுத்தரமாயும், ஹலோபெரிடோல், அதிலும் நாளத்தினூடாகச் செலுத்தப்படுகையில், மிகுதியாயும் பாதிக்கும். அரிப்பிபிரசோல் ஏறத்தாழ இல்லை எனலாம். கொந்தளிக்கும் நோயாளியை நால்வர் பிடித்திருக்க, உண்ணாமல் குடியாமல் இரு நாள் கழித்தவருக்கு, பொற்றாசியம் அறியாது ஹலோபெரிடோலை நாளத்திற் செலுத்துவதே யான் மிகவும் அஞ்சும் சந்தர்ப்பம். தசையிற் செலுத்துவதும், அடங்கியவுடன் ஈ.சீ.ஜி.யும் பொற்றாசியமும் பார்ப்பதும் இயலாதவையல்ல. மாதாந்த ஊசியாய்க் கொடுக்கப்படும் புளுபெனசீன் குறைந்த அபாயமுடையதே. ஆயினும் ஊசியை மீட்டெடுக்க முடியாது. ஆதலின் குளிசையாகக் கொடுத்துப் பார்த்த பின்னரே ஊசிக்குச் செல்வது முறை.

ஈ.சீ.ஜி. பொறி இல்லாத மருந்தகத்திலும் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இதற்கு முன் மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் இளவயதில் எவரேனும் சடுதியாய், நீரில் மூழ்கியேனும், இறந்ததுண்டா? காது கேளாத பிள்ளை எவரேனும் அடிக்கடி மயங்கி விழுவதுண்டா? கடைசி வினா விசித்திரமாய்த் தோன்றலாம். பிறவிச் செவிடும் கியூ-ரி நீட்சியும் ஒருங்கே வரும் பரம்பரை நோயொன்றை 1957இல் நோர்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் ஆகியோர் விபரித்தனர். அது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி முழுமையாய் வெளிப்படாது. மச்சான் மச்சாள் திருமணம் வழக்கிலுள்ள எமது பிரதேசத்தில் அதனை எண்ணிப் பார்ப்பது நியாயமானதே. 'ஆம்' எனும் பதில் கிடைத்த எவருக்கும் ஈ.சீ.ஜி. இன்றி இம்மருந்துகளைத் தொடங்கலாகாது.

நமது மூதாட்டி நான்கு நாட்களில் வீடு திரும்பினார். இடைவெளி 450க்கு இறங்கிற்று. சிறுநீர்பெருக்கி மாற்றப்பட்டது, நெஞ்செரிவு தணிந்திருந்தமையால் ஒமெப்பிரசோல் நிறுத்தப்பட்டது, ஒரு வாரம் கழித்து, சிற்றலோபிராம் குருதியிலிருந்து நீங்கிய பின்னர், செர்ட்ராலீன் சிறிய அளவில் தொடங்கப்பட்டது. கொப்பியின் முன்னட்டையின் உட்புறத்தில், உளநல வைத்திய அதிகாரி சிவப்பு மையில் மூன்று வரிகள் எழுதினார்: 'கியூ-ரி நீட்சியால் மயங்கியவர். டொம்பெரிடோன், கிளாரித்ரோமைசீன், எரித்ரோமைசீன் வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் பொற்றாசியம் பார்க்கவும்.' மாலை மருந்தகத்துக்குப் போகும்போதும் கொப்பியைக் கொண்டுபோகும்படி மகளிடம் கூறப்பட்டது.